மண் பரிசோதனை அறிக்கையை வாசிப்பது எப்படி?
ஊரில் தோட்டம் செய்யும் உறவுகளுக்காக

யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்யும் உறவினர்கள் சிலர் இப்போது மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறார்கள். பதிலாக வரும் தாளைப் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புகிறார்கள். "தம்பி, எல்லாம் இங்கிலீசிலை கிடக்குது. என்னெண்டு பாத்துச் சொல்லு. அப்படியே பசளைக்கும் கொஞ்சக் காசு அனுப்பு" என்று கேட்கிறார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபின், மூட்டை விலை எங்கே போனது என்பது காசு அனுப்பியவர்களுக்குத் தெரியும். ஆகவே காசை அனுப்புமுன் அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அறிக்கையில் உள்ள இலக்கம் மண்ணில் இருக்கும் முழுச் சத்தின் அளவு அல்ல. ஆய்வுகூடத்தில் ஒரு கரைசலை ஊற்றிக் குலுக்கும்போது எவ்வளவு சத்து வெளியே வருகிறது என்பதையே அது காட்டுகிறது. இன்னும் பசளை போட்டால் பயிர் பலன் தருமா, தராதா என்று சொல்லும் ஒரு குறி என்றே அதைக் கொள்ள வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுப்போம். வலிகாமத்துச் செம்மண்ணில் 4 பரப்புச் சின்ன வெங்காயத் தோட்டம் ஒன்றின் அறிக்கை இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பீ.எச். 7.9. பொசுபரசு 46. பொற்றாசியம் 92. கடைசி இரண்டும் ஒரு கிலோ மண்ணுக்கு மில்லிகிராம் கணக்கு. அடியில் ஹெக்டேயருக்கு யூரியா 160 கிலோ, ரி.எஸ்.பி. 50 கிலோ, எம்.ஓ.பி. 100 கிலோ என்று சிபாரிசு எழுதியிருக்கிறது.

பீ.எச். என்பது மண் புளிப்பா, காரமா என்பதைக் காட்டும். 7 நடு. எங்கள் செம்மண்ணின் கீழே சுண்ணக்கல் இருப்பதால் 7.9 வருவதில் புதுமை இல்லை. இங்கே புல்வெளிக்குச் சுண்ணாம்புத்தூள் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, ஊருக்கும் அதைச் சொல்லிவிடாதீர்கள். அது புளிப்பு மண்ணுக்கு உரிய வைத்தியம். காரமான மண்ணில் வேறொரு கவனம் வேண்டும். யூரியாவை மேலே தூவி அப்படியே விட்டால் அதில் ஒரு பகுதி அமோனியா வாயுவாகி வெயிலோடு போய்விடும். சிறிது சிறிதாகப் பிரித்துப் போட்டு, மண்ணோடு கலந்து, அளவாகத் தண்ணீர் கட்ட வேண்டும்.

அடுத்தது பொசுபரசு. எங்கள் மண்ணுக்கு ஏற்றது ஒல்சன் முறை. அந்தப் பெயர் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறையில் 20க்கு மேல் வந்தால் பெரும்பாலான பயிர்களுக்குப் போதும். இங்கே 46 இருக்கிறது. காரணம், பொசுபரசு மண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்கும் சத்து. தண்ணீரோடு அதிகம் ஓடாது. வருடா வருடம் போட்ட ரி.எஸ்.பி.யும் மாட்டெருவும் கோழியெருவும் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டன. இனி மூட்டை மூட்டையாகப் போட்டாலும் வெங்காயம் பெருக்காது. மாறாக, பயிர் நாகச் சத்தை எடுப்பதற்கும் தடையாகும். சிபாரிசில் ரி.எஸ்.பி. குறைவாக இருப்பது அதனால்தான். பொற்றாசியம் 92 என்பது நடுத்தரம். அதைச் சொன்ன அளவுக்குப் போடலாம்.

இப்போது சிபாரிசைப் பரப்புக்கு மாற்றுவோம். பலர் பிழை விடுவது இந்த இடத்தில்தான். 16 பரப்பு ஓர் ஏக்கர். அப்படிப் பார்த்தால் ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய 40 பரப்பு. எனவே 4 பரப்புக்கு எழுதியிருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குதான் வேண்டும். யூரியா 16 கிலோ, ரி.எஸ்.பி. 5 கிலோ, எம்.ஓ.பி. 10 கிலோ. மூன்றிலும் ஒவ்வொரு 50 கிலோ மூட்டை வாங்கினால், ரி.எஸ்.பி. மூட்டையில் பத்தில் ஒன்றுதான் இந்தப் போகத்துக்குச் செலவாகும். மிச்சத்தையும் "கிடக்கட்டும்" என்று தோட்டத்தில் கொட்டுவது காசைக் கொட்டுவதுதான்.

இந்த அறிக்கையில் நைதரசனுக்கு இலக்கம் இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. நைதரசன் மண்ணில் நிலைத்து நிற்பதில்லை. ஒரு மழைக்கும் ஓர் இறைப்புக்கும் அதன் அளவு மாறும். அதனால் பெரும்பாலும் பயிரையும் மண்ணின் சேதனப் பொருளையும் வைத்தே யூரியாவைச் சிபாரிசு செய்கிறார்கள். பொசுபரசு தங்கிவிடும், நைதரசன் இறங்கிவிடும். இறங்கி எங்கே போகிறது? செம்மண்ணையும் சுண்ணக்கல் வெடிப்புகளையும் கடந்து, நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் போகிறது. வலிகாமத்தில் பல கிணறுகளில் அது அளவுக்கு மிஞ்சி இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆகவே மண் அறிக்கையோடு கிணற்றுத் தண்ணீர் அறிக்கையையும் சேர்த்து வாசிக்க வேண்டும். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். 50 மில்லிகிராம் நைத்திரேற்றில் நைதரசன் மட்டும் சுமார் 11 மில்லிகிராம். நைதரசன் கணக்கிலே அறிக்கை தந்திருந்தால் 11தான் எல்லை என்று கொள்ளுங்கள். இரண்டையும் மாறி வாசித்தால் கெட்ட தண்ணீரும் நல்ல தண்ணீராகத் தெரியும்.

அந்த 50 மில்லிகிராம் தண்ணீரை 4 பரப்புக்கு இறைத்தால் என்ன நடக்கும்? 4 பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர். ஒரு போகத்தில் மொத்தம் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் இறைத்தால் அது 3 இலட்சம் இலீற்றர். அதனுள் 3 கிலோவுக்குச் சற்று மேல் நைதரசன் இருக்கும். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் என்பதால், இது 7 கிலோ யூரியாவுக்குச் சமம். போடச் சொன்னதோ 16 கிலோ. கிணறே கிட்டத்தட்ட அரைவாசியைத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறது.

அதற்காக 7 கிலோவையும் ஒரேயடியாக வெட்டச் சொல்லவில்லை. தண்ணீரில் வருவது முழுவதையும் பயிர் எடுக்காது. விவசாயப் போதனாசிரியரோடு கதைத்து, முதலில் இரண்டு மூன்று பாத்தியில் மட்டும் கால்வாசி யூரியாவைக் குறைத்துப் பார்க்கலாம். பழைய தாள்கள் முதலில் வெளிறி மஞ்சளானால் நைதரசன் போதவில்லை. கழுத்துத் தடித்து, முற்றப் பிந்தி, பிடி கட்டித் தூக்கிய வெங்காயம் அழுகினால், பெரும்பாலும் நைதரசன் கூடிப்போனது என்று அறியலாம்.

இவ்வளவும் மண்ணைச் சரியாக எடுத்திருந்தால்தான் செல்லும். கிணற்றடி, வாய்க்கால், வரம்பு, எருக் கும்பி ஆகியவற்றை விட்டு, வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக, 15 சென்ரிமீற்றர் வரை மண் எடுக்க வேண்டும். ஒரு வாளியில் நன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்பினால் போதும். பசளை போட்ட கையோடு எடுக்கக் கூடாது. பழைய பசளைப் பையில் போட்டுக் கொடுத்தால், வரும் இலக்கம் பையின் இலக்கமாகத்தான் இருக்கும். பக்கத்துத் தோட்டத்து அறிக்கையை விட ஒன்று மட்டும் பல மடங்கு கூடி வந்திருந்தால், "என்னத்துக்குள்ளை போட்டுக் குடுத்தனீங்கள்?" என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தக் கிணற்றில்தான் வீட்டாரும் குடிக்கிறார்கள். புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நைத்திரேற்றுக் கூடிய தண்ணீரில் பால் கரைத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றுப் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். பசளைக்குக் காசு அனுப்பும்போது, கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கவும் சேர்த்து அனுப்புங்கள்.