மொட்டைமாடிப் பையில் கொச்சிக்காயும் தக்காளியும்

காத்தான்குடி போன்ற ஊர்களில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவே ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். வளவு என்று சொல்லப் பல வீடுகளில் ஒன்றுமில்லை. ஆனால் மேலே கொங்கிறீட் தளம் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் பைகளை அடுக்கிக் கொச்சிக்காயும் தக்காளியும் நட்டவர்கள் பலர். அவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்வார்கள்: "செடி நல்லா வந்திச்சு, பூவும் பூத்திச்சு, ஆனா காய் கிடைக்கல்ல."

நிலத்தில் நிற்கும் செடிக்குத் தண்ணீர் குறைந்தால் அதன் வேர் இன்னும் ஆழம் தேடிப் போகும். பையில் நிற்கும் செடிக்கு அந்த வழி இல்லை. பைக்குள் இருப்பதுதான் அதன் முழு உலகம். ஆகவே மண் கலவை, வெயில், தண்ணீர் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே கணக்காகப் பார்க்க வேண்டும். கலவை எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, வெயில் எவ்வளவை எடுத்துக்கொள்கிறது, நாம் எவ்வளவைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதே அந்தக் கணக்கு.

முதலில் கலவை. ஒரு அடி அகலமும் ஒரு அடி உயரமும் கொண்ட பை ஒரு செடிக்குப் போதும். அதற்கு ஏறத்தாழ 18 லீற்றர் கலவை பிடிக்கும். கரையோர மணலை மட்டும் நிரப்பினால் ஊற்றிய தண்ணீர் நிமிடத்தில் அடியால் ஓடிவிடும். வெறும் செம்மண்ணை நிரப்பினால் இரண்டு வாரத்தில் கல்லாக இறுகி வேருக்குக் காற்றுக் கிடைக்காது. நான் பயன்படுத்துவது மேல்மண் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, நன்றாக உக்கிய கூட்டெரு ஒரு பங்கு. 4 லீற்றர் பெயின்ட் தகரத்தால் அளந்தால் ஒவ்வொன்றிலும் ஒன்றரைத் தகரம். மண் பாரத்தையும் பிடிமானத்தையும் தரும். தும்புத்தூள் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கூட்டெரு உணவு கொடுக்கும்.

தும்புத்தூளில் ஒரு விடயம் கவனிக்க வேண்டும். தேங்காய் மட்டை உப்பு நீரில் ஊறவைக்கப்பட்டிருந்தால் அந்த உப்பு தூளிலும் இருக்கும். கொச்சிக்காய்ச் செடிக்கு உப்பு ஆகாது; இலை ஓரம் கருகத் தொடங்கும். எனவே தூளை ஒரு வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, இதையே இரண்டு மூன்று முறை செய்த பிறகுதான் கலக்க வேண்டும். கூட்டெருவும் கையில் எடுத்தால் சூடில்லாமல், மண் வாசனையோடு இருக்க வேண்டும். உக்காத சாணம் பைக்குள் உக்கும்போது சூடாகி இளம் வேரை வாட்டிவிடும்.

பையின் பக்கங்களில் அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் ஆறு அல்லது எட்டுத் துளைகள் இட வேண்டும். பையை நேரே கொங்கிறீட்டில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வைத்தால் தண்ணீர் வடியும். தளத்தின் சூடும் வேருக்கு ஏறாது. அடியில் தட்டு வைப்பது வேண்டாம். தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். நனைந்த ஒரு பை ஏறத்தாழ 17 கிலோ இருப்பதால் பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் வரும் ஓரங்களில் வரிசையாக வைப்பது நல்லது.

இனி வெயில். இரண்டு செடிக்கும் நாளுக்குக் குறைந்தது ஆறு மணித்தியால நேரடி வெயில் தேவை. மொட்டைமாடியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள தொல்லை பிற்பகல் வெயில்தான். பின்னேரம் மூன்று மணிக்குக் கறுப்புப் பையின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால், அந்தப் பக்கத்து வேர்களும் அதே சூட்டில்தான் இருக்கின்றன. மேற்குப் பக்கமாக ஒரு கிடுகைச் சாய்த்துக் கட்டினால் பைக்கு நிழலும் இலைக்கு வெயிலும் கிடைக்கும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் அதே கிடுகு காற்றையும் மறிக்கும்.

இங்கே கொச்சிக்காயும் தக்காளியும் வேறுபடுகின்றன. கொச்சிக்காய் எங்கள் ஊர் வெப்பத்தை ஓரளவு தாங்கும். தக்காளிக்கு இரவு குளிர்ந்திருக்க வேண்டும். இரவும் வெப்பமாக இருந்தால் மகரந்தம் பழுதாகி, பூ காம்போடு மஞ்சளாகி விழுந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது. காலத்தைத்தான் மாற்ற வேண்டும். நவம்பரில் விதைத்து, நாற்றுகளை மழை படாமல் கூரைக்குக் கீழே வைத்து, நான்கு வாரத்தில் பைக்கு மாற்றினால் பூக்கும் காலம் ஜனவரி, பெப்ரவரியில் வரும். எங்கள் பக்கத்தில் இரவு ஓரளவு குளிராக இருப்பது அப்போதுதான். சித்திரையில் பூக்கும்படி நட்டால் செடி இருக்கும், காய் குறைவாகவே இருக்கும்.

மூன்றாவது தண்ணீர். "ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரே விடை இல்லை. ஆனால் உங்கள் செடிக்குரிய விடையை ஆள் நிறுக்கும் தராசில் கண்டுபிடிக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. சுபஹ் தொழுகைக்குப் பிறகு துளையால் தண்ணீர் வடியும்வரை ஊற்றி, வடிந்து நின்றதும் பையை நிறுங்கள். அன்று வேறு தண்ணீர் ஊற்றாமல் மறுநாள் அதே நேரம் மீண்டும் நிறுங்கள். குறைந்த நிறைதான் அந்த நாளில் செடியும் வெயிலும் எடுத்துக்கொண்ட தண்ணீர்.

மாசி மாதத்தில் நான் நிறுத்தபோது காய் பிடித்திருந்த தக்காளிப் பை 17.4 கிலோவிலிருந்து 15.6 ஆகியிருந்தது. அதாவது 1.8 லீற்றர் போயிருந்தது. பக்கத்தில் நின்ற கொச்சிக்காய்ப் பை 16.9இலிருந்து 16.0 ஆகி, 0.9 லீற்றர்தான் இழந்திருந்தது. ஒரே தளம், ஒரே வெயில், ஆனால் தக்காளிக்கு இரு மடங்கு. மப்பான ஒரு நாளில் அதே தக்காளி 0.7 லீற்றர் மட்டுமே எடுத்தது. இரண்டுக்கும் ஒரே கோப்பையால் ஊற்றினால் ஒன்று காயும், மற்றது ஊறும். மூன்று நான்கு நாள் நிறுத்துப் பழகியவர்களுக்குப் பிறகு தராசு தேவைப்படாது. பையின் ஓரத்தைப் பிடித்துச் சற்று உயர்த்தினாலே கைக்குப் பாரம் விளங்கும்.

இந்தக் கணக்கு எதற்கு உதவும் என்பதைப் பக்கத்து வீட்டு மாமியின் தக்காளியில் பார்க்கலாம். அவருடைய காய்கள் எலுமிச்சை அளவு வந்ததும் அடிப்பக்கம் பழுப்பாகி, பின்னர் கறுத்துத் தோல் போல அமுங்கின. நோய் என்று நினைத்து மருந்து வாங்கித் தெளிக்க இருந்தார். காயைப் புரட்டிப் பார்த்தோம். புள்ளிகள் அங்குமிங்கும் இல்லை. ஒவ்வொரு காயிலும் பூ இருந்த நுனியில் மட்டுமே கறுப்பு. இலைகள் சுத்தமாக இருந்தன. கிருமியால் வரும் நோய் இவ்வளவு ஒழுங்காக ஒரே இடத்தைத் தெரிந்தெடுக்காது. இது நுனியழுகல், காயின் நுனிக்குக் கல்சியம் போய்ச் சேராததால் வருவது.

உயர்தர உயிரியலில் ஆவியுயிர்ப்பைப் படிப்பவர்களுக்குக் காரணம் எளிதில் விளங்கும். கல்சியம் காழ் வழியாகத் தண்ணீரோடுதான் மேலே போகும். இலை வெயிலில் அதிகம் ஆவியாக்குவதால் தண்ணீரில் பெரும்பங்கை அது இழுத்துக்கொள்ளும். காய்க்குக் கிடைப்பது கொஞ்சம். பை காய்ந்தால் அந்தக் கொஞ்சமும் நின்றுவிடும். மாமி வேலை முடிந்து இரவில் ஒரு முறை வாளி நிறைய ஊற்றுவார். அதில் பெரும்பகுதி அடியால் ஓடிவிடும். மறுநாள் நண்பகலுக்கு முன்பே பை காய்ந்துவிடும். மண்ணில் கல்சியம் இருந்தும் காயின் நுனி பட்டினி கிடந்தது.

மருந்து வாங்கவில்லை. கறுத்த காய்களைப் பறித்துவிட்டோம். அவை மீண்டும் நல்லாகாது. தண்ணீரை இரண்டாகப் பிரித்து, சுபஹுக்குப் பிறகு ஒரு லீற்றரும் அஸருக்குப் பிறகு ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும் மெதுவாக ஊற்றச் சொன்னேன். பையின் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலைகளைப் பரப்பினோம். அடுத்து வந்த குலையில் ஒரு காயில்தான் கறுப்பு இருந்தது. அதற்கடுத்த குலை சுத்தமாக வந்தது. முட்டைக் கோதைப் போட்டால் போதும் என்பார்கள். கோது கரைய மாதக்கணக்காகும். தண்ணீர் ஒழுங்கில்லாவிட்டால் கரைந்ததும் காய்க்குப் போகாது.

கடைசியாக, செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாமல் முதலில் பையை உயர்த்திப் பாருங்கள். நண்பகலில் வாடி, வெயில் தணிந்ததும் நிமிர்ந்தால் பயமில்லை. மாலையிலும் வாடியிருந்து பை இலேசாக இருந்தால் அது தாகம், ஊற்றலாம். பை பாரமாக இருந்தும் செடி வாடினால் தண்ணீர் தீமையே செய்யும். துளைகள் அடைத்து வேர் மூச்சுத் திணறுகிறதா என்று பாருங்கள். தக்காளி பச்சையாகவே திடீரென்று சாய்ந்தால், அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் நுனி படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அது பக்டீரியா வாடல் நோய். அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. பையோடு அப்புறப்படுத்த வேண்டும். அந்தக் கலவையில் தக்காளி, கொச்சிக்காய், கத்தரி எதையும் மீண்டும் நடக்கூடாது. மூன்றும் ஒரே குடும்பம், ஒரே நோய் மூன்றையும் பிடிக்கும்.