ஏழடி ஹாலுக்கு எத்தனை இன்ச் டிவி?

டிவி கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் திரைக்கு மூன்றடி தள்ளி நின்றுதான் பார்க்கிறார். கடைக்குள் இருக்கும் இடம் அவ்வளவுதான். அங்கே ஓடும் படத்தில் மயில் தோகை விரிக்கிறது, இறகின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிகிறது. பக்கத்தில் இருக்கும் ஃபுல் ஹெச்டி திரையில் அதே அளவு துல்லியம் இல்லை. விற்பனையாளர் “4கே எடுங்க சார்” என்கிறார். அவர் காட்டும் வித்தியாசம் உண்மையானதுதான். ஆனால் அதே பெட்டி வீட்டு ஹாலுக்கு வந்ததும், கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஏழடி விழுந்துவிடுகிறது. கடையில் கண்ட வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த இடைவெளியிலேயே மறைந்துபோகிறது.

காரணத்தைப் புரிந்துகொள்ளக் கண் மருத்துவமனையில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையே போதும். ஆறு மீட்டர் தள்ளி உட்கார வைத்து, மேலிருந்து கீழாகப் படிக்கச் சொல்வார்கள். 6/6 என்று குறித்திருக்கும் வரியைப் படித்துவிட்டால் பார்வை சரி. அந்த வரியில் ஓர் எழுத்தின் உயரம் சுமார் 9 மில்லிமீட்டர். எழுத்தின் கோடும், கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் ஏறக்குறைய 1.75 மில்லிமீட்டர். அதைவிட நுணுக்கமானதைச் சாதாரணக் கண்ணால் அந்தத் தூரத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடிவதில்லை. தூரம் குறையக் குறைய இந்த எல்லையும் அதே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே வரும். ஏழடியில் அது சுமார் 0.62 மில்லிமீட்டர், மூன்றடியில் 0.27.

இப்போது திரைக்கு வருவோம். 43 இன்ச் டிவியின் அகலம் 95 சென்டிமீட்டர். ஃபுல் ஹெச்டி என்றால் அந்த அகலத்தில் 1,920 பிக்சல்கள், அதாவது ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர். 4கே என்றால் 3,840 பிக்சல்கள், ஒன்று கால் மில்லிமீட்டர். மூன்றடியில் நிற்பவருக்கு அரை மில்லிமீட்டர் புள்ளி தெரியும், கால் மில்லிமீட்டர் புள்ளி தெரியாது. அதனால்தான் கடையில் 4கே ஜெயிக்கிறது. ஏழடியில் உட்கார்ந்தவருக்கோ இரண்டுமே எல்லைக்குக் கீழே போய்விடுகின்றன. எட்டு மில்லியன் பிக்சல்களும் இரண்டு மில்லியன் பிக்சல்களும் அங்கே ஏறக்குறைய ஒரே படம்தான்.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவு. அதற்குத் தேவைப்படுவது ஓர் அளவு நாடா மட்டும்.

சென்னை அடுக்குமாடி வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது பழகிப்போன ஹால் அளவு. டிவி மாட்டும் சுவருக்கும் சோபா போடும் சுவருக்கும் நடுவே பத்தடி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தடியைப் பார்க்கும் தூரம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தவரின் கண், பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இருக்கிறது. மேசை மேல் ஸ்டாண்டில் நிற்கும் டிவியின் திரையும் எதிர்ச்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே வந்துவிடும். மிஞ்சுவது ஏழடி. சுவரோடு ஒட்டி மாட்டினால் சுமார் எட்டடி கிடைக்கும். ஆக நாடாவைப் பிடிக்க வேண்டியது, உட்கார்ந்தவரின் கண்ணிலிருந்து திரை வரப்போகும் இடம் வரைக்கும்தான்.

அந்தத் தூரத்தை வைத்து அளவைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. அடியை ஏழரையால் பெருக்கினால் சினிமா பார்க்க ஏற்ற இன்ச் அளவு வரும். ஐந்தால் பெருக்கினால், அதற்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது என்ற அளவு வரும். ஏழடிக்கு 52 இன்ச், 35 இன்ச். இந்த ஏழரைக்குப் பின்னால் ஆராய்ச்சி இருக்கிறது. ஜப்பானின் என்ஹெச்கே நிறுவனம் 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான ஆய்வைத் தொடங்கியது. காட்சிக்குள் தானே இருப்பதுபோல் பார்ப்பவர் உணரத் திரை எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்று சோதித்தவர்கள், கண்ணிலிருந்து சுமார் 30 டிகிரிக் கோணத்தைத் திரை அடைத்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். திரை உயரத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் அந்தக் கோணம் கிடைக்கும். ஃபுல் ஹெச்டியின் பிக்சல்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறையத் தொடங்குவதும் கிட்டத்தட்ட அதே தூரத்தில்தான். அது தற்செயலாக அமைந்ததல்ல, அந்தத் தூரத்துக்காகவே அந்த நுட்பம் வடிவமைக்கப்பட்டது.

நம் பத்தடி ஹாலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏழடியில் 32 இன்ச் டிவி 19 டிகிரியைத்தான் அடைக்கிறது. செய்திக்கும் சீரியலுக்கும் அது போதும், கிரிக்கெட்டில் பந்தைத் தேட வேண்டியிருக்கும். 43 இன்ச் என்றால் 25 டிகிரி, 50 இன்ச் என்றால் 29, 55 இன்ச் என்றால் 32. இரவில் படம் பார்ப்பதுதான் வீட்டின் முக்கியப் பொழுதுபோக்கு என்றால் 50 அல்லது 55 வாங்கலாம். நாள் முழுக்கச் செய்தியும் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கிற வீட்டில், பிள்ளைகள் இன்னும் கிட்டத்தில் பாய் போட்டு உட்காருகிற ஹாலில், 43 நிம்மதியான அளவு. 43க்கும் 55க்கும் பன்னிரண்டு இன்ச்தான் வித்தியாசம் என்று தோன்றும். திரையின் பரப்பைப் பார்த்தால் 55 இன்ச் அறுபது சதவீதத்துக்கும் மேல் பெரியது. இதை மனத்தில் கற்பனை செய்வது கடினம். பழைய செய்தித்தாள்களை 95க்கு 54 சென்டிமீட்டராக ஒட்டி ஒன்றும், 122க்கு 69 சென்டிமீட்டராக இன்னொன்றும் சுவரில் நாலு நாள் தொங்கவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் பதில் தெரிந்துவிடும்.

பெரிய திரை வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லும் குறை ஒன்று உண்டு: “பழைய டிவியிலேயே படம் நல்லா இருந்துச்சு.” அது பிரமை இல்லை. கேபிளிலும் டிடிஹெச்சிலும் வரும் சாதாரண எஸ்டி சேனலில் 576 வரிகள்தான் இருக்கின்றன. 2006க்குப் பிறகு தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவியில் ஒரு வரியின் உயரம் 0.37 மில்லிமீட்டர். ஏழடியிலிருந்து பார்த்தால் அது கண்ணின் எல்லைக்குள் ஒளிந்துகொள்ளும், படம் திருத்தமாகத் தெரியும். அதே 576 வரிகளை 55 இன்ச் திரையில் விரித்தால் ஒவ்வொன்றும் 1.2 மில்லிமீட்டர், கண்ணின் எல்லையைப் போல் இரண்டு மடங்கு. புல்தரை பச்சைக் குழம்பாகத் தெரிவதும், செய்தி வாசிப்பவர் முகத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாகத் தெரிவதும் இதனால்தான். திரை 4கேவாக இருப்பது இதற்கு மருந்தாகாது. சேனல் அனுப்பாத விவரத்தை டிவி ஊகித்து நிரப்பத்தான் முடியும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு தவறும் நடக்கிறது. வீட்டில் ஹெச்டி செட்டாப் பாக்ஸ் இருக்கும். ஆனால் டிவிக்கும் பாக்ஸுக்கும் நடுவே மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை கொண்ட பழைய கேபிள்தான் போட்டிருக்கும். அந்த மஞ்சள் முனை வழியாக ஹெச்டி வராது. அதைக் கழற்றிவிட்டு ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டு, பாக்ஸின் செட்டிங்கில் 1080 என்று வைத்து, அதே சேனலின் ஹெச்டி எண்ணுக்குப் போனால் படம் சட்டென்று மாறும். சில நூறு ரூபாய் கேபிள் தரும் இந்த முன்னேற்றத்தை எந்த 4கே திரையும் தராது. ஓடிடியிலும் இதே கதைதான். 4கே படம் வேண்டுமென்றால் நெட்ஃபிளிக்ஸ் அதன் மேல்தட்டுச் சந்தாவையும் நொடிக்குச் சுமார் 15 மெகாபிட் இணைய வேகத்தையும் கேட்கிறது.

4கே எப்போது பயன்படும்? ஏழடியில் 55 இன்ச் ஃபுல் ஹெச்டி திரையின் பிக்சல் 0.63 மில்லிமீட்டர், அதாவது சரியாக எல்லையில். 65 இன்ச்சில் 0.75, எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆகவே சின்ன ஹாலில் 55க்கு மேல் போகிறவருக்கு 4கே பயன் தரும். டிவியைக் கணினித் திரையாக வைத்து எழுத்துகளைக் கிட்டத்திலிருந்து படிப்பவருக்கும் அப்படியே. 6/6 என்பது எல்லோருக்குமான உச்சமும் அல்ல, இளம் கண்கள் அதைவிடக் கூர்மையாகப் பார்க்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனமும் சேர்ந்து செய்து 2025இல் வெளியான ஆய்வு, கண்ணின் எல்லை பழைய கணக்கைவிடச் சற்று மேலே இருப்பதாகக் காட்டியது. ஆனால் அந்த ஆய்வாளர்களே தந்த உதாரணம் இது: திரைக்கும் சோபாவுக்கும் இரண்டரை மீட்டர் இடைவெளி உள்ள பிரிட்டிஷ் ஹாலில், 44 இன்ச் 4கே அல்லது 8கே டிவி, ஃபுல் ஹெச்டிக்கு ஒரு படி மேலான க்யூஹெச்டி திரையைவிடக் கூடுதலாக எதையும் காட்டாது. 8கேவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கச் சின்ன ஹாலில் எந்தக் காரணமும் இல்லை.

கடைகளில் இன்று 43க்கு மேல் நல்ல மாடல்கள் பெரும்பாலும் 4கேவாகவே வருகின்றன, அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் விலைப்பட்டியலில் இரண்டு டிவியை ஒப்பிடும்போது அந்தச் சொல்லை வைத்து முடிவெடுக்காமல், திரையின் கருப்பையும் பக்கவாட்டுப் பார்வையையும் சோதிப்பது பலன் தரும். மலிவான 4கே திரையில் இரவுக் காட்சியின் கருப்பு சாம்பலாக வெளுக்கும். எந்தத் தூரத்தில் உட்கார்ந்தாலும் அது தெரியும். கடைக்காரரிடம் ‘விவிட்’ மோடை மாற்றி ‘சினிமா’ அல்லது ‘மூவி’ மோடில் ஓர் இருட்டுக் காட்சியைப் போடச் சொல்ல வேண்டும். அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்க்க வேண்டும். விஏ வகைத் திரையில் நேராகப் பார்க்கக் கருப்பு ஆழமாக இருக்கும், ஓரத்திலிருந்து பார்க்க நிறம் வெளிறும். ஐபிஎஸ் வகையில் ஓரத்திலிருந்தும் நிறம் நிற்கும், கருப்பு கொஞ்சம் வெளுக்கும். அகலம் குறைந்த ஹாலில் ஒருவர் சாப்பாட்டு மேசையிலிருந்தும், இன்னொருவர் வாசலோரத்து நாற்காலியிலிருந்தும் பார்ப்பதால் ஐபிஎஸ் பலருக்கும் ஒத்துவரும். இருட்டில் இரண்டு பேர் நேர் எதிரே உட்கார்ந்து படம் பார்க்கும் வீட்டுக்கு விஏ நல்லது.

மாட்டும் உயரத்தையும் வாங்கும்போதே யோசித்துவிடலாம். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் இருக்கிறது, தரையில் பாயில் உட்கார்ந்தவருக்கு இரண்டரை அடியில். திரையின் நடு இந்த இரண்டுக்கும் அருகே வந்தால் கழுத்து வலிக்காது. 43 இன்ச் டிவிக்கு அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் இருந்தால் சரியாக இருக்கும். பல வீடுகளில் ஷோகேஸுக்கு மேலே ஐந்தடியில் மாட்டிவிடுகிறார்கள். விஏ திரையாக இருந்தால் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு நிறமும் வெளிறும். உயரத்தைக் குறைக்க வழியில்லை என்றால், முன்பக்கம் சாய்க்க முடிகிற சுவர்த்தாங்கியைக் கேட்டு வாங்கி, திரையைக் கீழ்நோக்கிக் கொஞ்சம் சாய்த்து மாட்டலாம்.