ஆறாம் பத்தியில் ஒளிந்திருந்த வரி

வீட்டுக்குப் பால் வாங்குவோருக்கு மாதக் கணக்கு போட்டுத் தரும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். செயலி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கடையில் அதன் விவரம் இப்படித் தொடங்குகிறது: "வணக்கம்! எங்கள் நவீன செயலிக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். பல மாத உழைப்பில், மிகுந்த கவனத்துடன் உருவாக்கப்பட்ட…" அத்துடன் வரி முறிந்துவிடுகிறது. மீதியைப் படிக்க வேண்டுமானால் 'மேலும்' என்பதைத் தொட வேண்டும்.

வந்தவருக்கு இதுவரை கிடைத்தது வணக்கமும் வரவேற்பும்தான். இது பாலுக்கான செயலி என்றுகூட அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக அவர் ஏன் தொட வேண்டும்?

இரண்டு கடைகளிலும் இந்த இடம் வேறு வேறு விதமாக அமைந்திருக்கிறது. ஐபோனின் ஆப் ஸ்டோரில் நான்காயிரம் எழுத்துக்குறி வரை விவரம் எழுதலாம். கண்ணில் படுவதோ முதல் சில வரிகள்தான். அதற்கு மேலே 170 எழுத்துக்குறியில் விளம்பர வாசகம் ஒன்றும் சேர்க்கலாம். விவரத்தைத் திருத்தப் புதிய பதிப்பை அனுப்ப வேண்டும். விளம்பர வாசகத்தை நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம். கூகுள் பிளேயில் 80 எழுத்துக்குறிக்குள் அடங்கும் குறு விவரம் முதலில் தெரியும். முழு விவரம் தொட்ட பிறகே திறக்கும்.

தமிழில் எழுதுபவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் எண்ணுவதுபோல் கணினி எழுத்துகளை எண்ணுவதில்லை. 'பால்' நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடு கணக்கில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்து நான்கு. 80 என்பதை நம்பி எழுதினால் பாதி வழியிலேயே இடம் தீர்ந்துவிடும்.

இனி திருத்தத்துக்கு வருவோம். புதிதாக வாசகம் தேடி அலைய வேண்டாம். பழைய விவரத்தையே கடைசி வரை நிதானமாகப் படித்தால் போதும். நம் பால் செயலியின் ஆறாம் பத்தியில் இப்படி ஒரு வரி கிடக்கிறது: "தினமும் குறிக்கத் தேவையில்லை, பால் வராத நாட்களை மட்டும் குறித்தால் போதும்." இதுதான் சரக்கு. நாள்தோறும் அட்டையில் குறிக்க மறந்து, மாதக் கடைசியில் பால்காரரோடு கணக்கு ஒத்துப்போகாமல் நிற்பவருக்கு வேண்டியது இந்த ஒரு வசதிதான். அதை மேலே கொண்டுவந்து இறுக்கினால் இப்படி வரும்:

"பால் வராத நாட்களை மட்டும் தொடுங்கள், மாதத் தொகை தானே வரும்."

நம் கணக்கில் இதில் 28 எழுத்துகள். இடைவெளி, நிறுத்தற்குறி எல்லாம் சேர்த்துக் கணினிக் கணக்கில் 59. குறு விவரத்தில் தாராளமாக அடங்கும்.

இரண்டாம் வரி, முதல் வரியைப் படித்ததும் மனத்தில் எழும் தயக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். போன் நம்பர் கேட்பார்களோ, நெட் இல்லாவிட்டால் திறக்காதோ என்பதுதான் அந்தத் தயக்கம். செயலி உண்மையிலேயே அப்படி இருந்தால், "போன் நம்பர் கேட்காது. நெட் இல்லாமலும் திறக்கும்" என்று எழுதலாம். 'எளிமையானது', 'சிறந்தது' போன்ற சொற்களுக்கு இங்கே இடமில்லை. அவற்றை எந்தச் செயலியின் மீதும் ஒட்டிவிடலாம்.

வழக்கமாக நேரும் பிழைகள் இரண்டு. ஒன்று, தலைப்புபோல ஒரு வரி எழுதி அடுத்த வரியை வெறுமையாக விடுவது. தெரியும் இடத்தில் ஒரு வரி அப்படியே வீணாகிவிடும். மற்றது, தேடலில் சிக்க வேண்டுமென்று 'பால், கணக்கு, பால் கணக்கு, தினசரி கணக்கு' எனச் சொற்களை அடுக்குவது. ஆப் ஸ்டோர் தேடலுக்கு விவரத்தைப் பார்ப்பதில்லை. பெயர், துணைத்தலைப்பு, தனியே தரும் குறிச்சொற்கள் போன்றவற்றைப் பார்க்கிறது. கூகுள் பிளே விவரத்தையும் பார்க்கும். ஆனால் அங்கேயும் அந்தச் சொற்கள் வாக்கியத்துக்குள் இயல்பாக வந்தால் போதும்.

மாற்றம் பலித்ததா என்று பார்க்க, கூகுள் பிளேயில் வருபவர்களில் ஒரு பகுதியினருக்குப் பழைய குறு விவரத்தையும் மற்றவர்களுக்குப் புதியதையும் காட்டும் சோதனை வசதி உண்டு. ஆப்பிளின் சோதனையில் படவுரு, திரைப்பிடிப்புகள், முன்னோட்டக் காணொளி ஆகியவற்றைத்தான் ஒப்பிடலாம். விவரத்தை ஒப்பிட முடியாது. அங்கே பக்கம் பார்த்தவர்களில் எத்தனை பேர் நிறுவினார்கள் என்பதை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் படங்களையோ பெயரையோ தொடக் கூடாது. தொட்டால் பலன் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. நாளுக்குப் பத்துப் பேர் மட்டும் வரும் செயலியென்றால் ஒரு வாரக் கணக்கை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். நிறுவுவோர் கூடியும், ஓரிரு நாளில் நீக்குவோரும் கூடவே ஏறினால், முதல் வரி செயலியில் இல்லாததைச் சொல்லியிருக்கிறது. அப்போது திருத்த வேண்டியது அந்த வரியைத்தான்.