எந்த விலா எலும்பு என்று எழுதி வாங்குங்கள்

வண்டியிலிருந்து விழுந்தவருக்குக் கை முறிந்தால் வீடே பதறுகிறது. விலாவில் அடிபட்டால் மட்டும், "உள்காயம்தான், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று தைலம் தேய்த்து, பழைய வேட்டியைக் கிழித்து மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவிலும் பல நேரம் "மார்பில் வலி" என்று ஒற்றை வரியோடு பதிவு முடிந்துவிடுகிறது. முதல் தவறு உயிரோடு விளையாடுகிறது. இரண்டாவது தவறு நியாயமாக வர வேண்டிய இழப்பீட்டைக் கெடுக்கிறது. விலா எலும்புகள் எல்லாம் ஒன்றுபோல என்று நினைப்பதுதான் இரண்டுக்கும் வேர்.

மார்புக்கூட்டில் 12 ஜோடி விலா எலும்புகள். பின்னால் எல்லாமே மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்புகளோடு மூட்டாகச் சேர்கின்றன. முன்னால் அப்படியில்லை. முதல் ஏழு ஜோடி, தத்தம் குருத்தெலும்பு மூலம் நடுவிலுள்ள மார்பெலும்பை நேராகத் தொடுகின்றன. 8, 9, 10 ஆகியவை தமக்கு மேலுள்ள குருத்தெலும்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. 11, 12 எதையும் தொடாமல் வயிற்றுத் தசைக்குள் முடிகின்றன.

எண்ணுவது சுலபம். தொண்டைக் குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால், சுமார் நான்கைந்து சென்டிமீட்டரில் மார்பெலும்பின் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அதன் மேல்துண்டும் நடுத்துண்டும் சேரும் இடம் அது. அங்கே பக்கவாட்டில் ஒட்டியிருப்பது இரண்டாவது விலா. மருத்துவர்கள் அங்கிருந்துதான் கீழ்நோக்கி எண்ணுகிறார்கள்.

3 முதல் 9 வரையான எலும்புகள் ஒரே அச்சில் வார்த்தவை. ஒவ்வொன்றின் தலையும் தன் எண்ணுள்ள முள்ளெலும்பையும் அதற்கு மேலுள்ளதையும் சேர்த்துத் தொடுகிறது. சற்றுத் தள்ளியுள்ள சிறு புடைப்பு, தன் முள்ளெலும்பின் பக்க நீட்சியோடு இன்னொரு மூட்டாகிறது. இந்த மூட்டுகளில் சுழன்றுதான், மூச்சிழுக்கும்போது விலா எலும்பு வாளியின் கைப்பிடியைப் போல உயர்கிறது. முதுகுப்புறம் எலும்பு சட்டென்று வளையும் இடத்துக்குச் சற்று முன்புறம் பலவீனமானது. மார்பு நசுங்கும்போது பெரும்பாலும் அங்கேதான் முறியும். எலும்பின் கீழ்விளிம்பின் உட்புறம் ஓடும் பள்ளத்தில் சிரை, தமனி, நரம்பு மூன்றும் செல்கின்றன. முறிந்த முனை குத்தினால் உள்ளே ரத்தம் கசிவதற்கும், வலி பட்டைபோலச் சுற்றி வயிறுவரை பாய்வதற்கும் அதுவே காரணம்.

1, 2, 10, 11, 12 ஆகியவை அமைப்பில் மாறுபட்டவை. எச்சரிக்கையும் மாறுபடும். முதல் விலா குட்டையானது, தட்டையானது, காறை எலும்புக்கு அடியில் பதுங்கியிருப்பது. கைக்குச் செல்லும் பெரிய ரத்தக் குழாய்கள் அதன் மேல்தான் கடக்கின்றன. அடிபட்டு அது முறிந்திருந்தால் மோதல் கடுமையானது என்று அர்த்தம். ரத்தக் குழாய், கழுத்து, தலைக் காயங்களையும் தேடியாக வேண்டும். கீழே 11, 12க்கு உட்புறம் சிறுநீரகங்கள் இருக்கின்றன. இடப்பக்கம் 9 முதல் 11 வரை மண்ணீரலை மூடியிருக்கின்றன. வலப்பக்கக் கீழ் விலாக்களுக்குள் கல்லீரல்.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். 45 வயதுக்காரர் ஒருவரை கார் இடிக்கிறது. அவருடைய பைக்கின் கைப்பிடி இடப்பக்கக் கீழ் விலாவில் குத்துகிறது. எக்ஸ்ரேயில் "ஒன்றும் இல்லை" என்று மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பதிவேட்டில் "சாதாரண காயம்". மூன்றாம் நாள் தலைசுற்றல், வியர்வை, வேகமான நாடி. அடிபடாத இடது தோளிலும் வலி. மண்ணீரல் கிழிந்து ரத்தம் கசிந்து உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில் தெரியும். சிடி ஸ்கேன் எடுத்தால் 9, 10 விலாக்களில் முறிவு, மண்ணீரலில் கிழிசல்.

எக்ஸ்ரே ஏன் காட்டவில்லை? வழக்கமான மார்பு எக்ஸ்ரே நுரையீரலைப் பார்ப்பதற்காக எடுக்கப்படுவது. கீழ் விலாக்கள் வயிற்று உறுப்புகளின் நிழலில் மறைந்துவிடும். விலகாத விரிசல் அதில் தப்பிவிடும். குருத்தெலும்பு முறிவு அதில் தெரியவே தெரியாது. ஆகவே "எக்ஸ்ரே நார்மல்" என்பதை "முறிவு இல்லை" என்று படிக்கக் கூடாது. ஓர் இடத்தை விரலால் அழுத்தினால் சுள்ளென்று வலிக்கிறதா, இருமும்போதும் அதே இடம்தானா? சாய்வுக் கோண எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சில வாரம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில், ஆறிவரும் எலும்பைச் சுற்றிய புது வளர்ச்சி முறிவைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு.

துணிக்கட்டு வேண்டாம். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: மார்பை இறுக்கிக் கட்ட வேண்டாம். விலா உயர முடியாவிட்டால் மூச்சு ஆழமாக இறங்காது. சளி தேங்கி நிமோனியா வரும். முதியவர்களுக்கு முறிவைவிட இதுவே பெரிய ஆபத்து. வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன நேரத்துக்குப் போட்டு, தலையணையை விலாவில் அணைத்தபடி இருமி, ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி செய்தால் பெரும்பாலான முறிவுகள் ஆறு வாரம் அளவில் கூடிவிடும். மூச்சுத்திணறல், சளியில் ரத்தம், தலைசுற்றல், மூச்சிழுக்கும்போது மார்பின் ஒரு பகுதி மட்டும் உள்ளே போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழையுங்கள். தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் கிடைக்கும்.

அடுத்தது காகிதம். பாரதிய நியாய சன்ஹிதா 116ஆம் பிரிவின்படி எந்த எலும்பு முறிந்தாலும் அது கொடுங்காயம். ஒற்றை விலாவும் அதில் அடக்கம். ஆனால் "மார்பில் வலி, சாதாரண காயம்" என்று எழுதிய பதிவு தானாகத் திருந்தாது. அதனால் விபத்துப் பிரிவிலேயே வாகனம் மோதியதைத் தெளிவாகச் சொல்லி, விபத்துப் பதிவேட்டின் நகலையும் எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். பிறகு வரும் ஸ்கேன் அறிக்கையில் பக்கமும் எண்ணும், அதாவது "இடது 9, 10", இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அறிக்கையை, முதலில் காயத்தைப் பதிவு செய்த மருத்துவரிடம் எழுத்து மூலம் கொடுத்து, காயச் சான்றிதழில் சேர்க்கச் சொல்ல வேண்டும். விசாரணை அதிகாரிக்கும் ஒரு நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்க வேண்டும். "ஃபைல் மேலே போயிடுச்சு" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

மோதிய வாகனம் தெரிந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்படி இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு. 2022 ஏப்ரல் முதல் இதற்கான கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவர் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம்.

இடித்துவிட்டு ஓடிய வாகனம் என்றால் 161ஆம் பிரிவு. கொடுங்காயத்துக்கு ரூ.50,000. சாதாரண காயம் என்று சான்றிதழ் இருந்தால் இதில் ஒரு பைசாவும் கிடையாது. ஒற்றை விலாவின் எண் இங்கேதான் பணமாகிறது. விபத்து நடந்த பகுதியின் வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் படிவம் 1ஐக் கொடுக்க வேண்டும். அதோடு முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மருத்துவமனை ரசீது, அடையாளச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அறிக்கை அனுப்ப வேண்டியது அந்த அலுவலகத்தின் கடமை. மனு கொடுத்த அன்றே தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இழுத்தடித்தால், அந்தச் சீட்டின் நகலை இணைத்து ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள்.