ஃபெரிட்டின் 430, ஆனாலும் இரும்புச்சத்துக் குறைவு

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் 56 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 8.4. ரத்த உற்பத்திக்கான எரித்ரோபொய்ட்டின் ஊசியை மாதக்கணக்கில் போட்டும் அது ஏறவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் 430 என்று வருகிறது. பக்கத்திலேயே ‘அதிகம்’ என்ற குறிப்பு. “இரும்புச்சத்துதான் நிறைய இருக்கே, எதுக்கு டாக்டர் இரும்பு ஊசி போடணும்ங்கிறாரு?” என்று மகன் கேட்கிறார். நியாயமான கேள்வி. பதில் அதே தாளில் இன்னொரு வரியில் இருக்கிறது.

ஃபெரிட்டின் என்பது உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்பைப் பொதிந்து வைக்கும் புரதம். டிரான்ஸ்ஃபெரின் அந்த இரும்பை எலும்பு மஜ்ஜைக்குச் சுமந்து போகும் புரதம். குதிரில் நெல் நிரம்பியிருந்தாலும் கதவு பூட்டிக் கிடந்தால் உலையில் போட அரிசி இருக்காது. சிறுநீரக நோயாளிக்கு நடப்பது இதுதான். கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன்தான் இங்கே பூட்டு. உடலில் அழற்சி இருந்தால் அது கூடும். பழுதான சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாததாலும் ரத்தத்தில் தேங்கும். சேமிப்பில் உள்ள இரும்பு வெளியே வருவதையும், குடல் புதிதாக இரும்பை உறிஞ்சுவதையும் ஹெப்சிடின் ஒருசேரத் தடுக்கிறது.

அழற்சி ஃபெரிட்டினையும் தானாகவே உயர்த்திவிடும். காய்ச்சலோ, டயாலிசிஸ் குழாயில் தொற்றோ, ஆறாத கால் புண்ணோ இருந்தால் இரும்பு கூடாமலே ஃபெரிட்டின் கூடும். எனவே ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் இரும்பு இல்லை என்று நம்பலாம். அதிகமாக இருந்தால் இரும்பு போதும் என்று நம்ப முடியாது.

இப்போது அந்த இன்னொரு வரி. ரத்தத்தில் உள்ள இரும்பின் அளவை, மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவால் (தாளில் டிஐபிசி என்று இருக்கும்) வகுத்து நூறால் பெருக்கினால் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு விகிதம் கிடைக்கும். இந்தப் பெண்ணுக்கு இரும்பு 40, டிஐபிசி 235. விகிதம் 17 சதவீதம். இது 20-க்குக் கீழே போனால் மஜ்ஜைக்கு இரும்பு போதவில்லை என்று பொருள். அதோடு ஃபெரிட்டினும் 100-க்குக் கீழே (டயாலிசிஸ் செய்பவருக்கு 200-க்குக் கீழே) இருந்தால் சேமிப்பே காலி. இவருக்கோ சேமிப்பு இருக்கிறது, கைக்கு வரவில்லை. 2012-இல் வெளியான கேடிகோ சர்வதேச வழிகாட்டுதல், விகிதம் 30-க்கும் ஃபெரிட்டின் 500-க்கும் மிகாமல் இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது. மகனுக்கான பதில் இதுதான்.

மாத்திரையாகவே தரக்கூடாதா? டயாலிசிஸ் நிலைக்கு வராதவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதம் மாத்திரை கொடுத்துப் பார்ப்பது சரியான தொடக்கம். செலவு குறைவு. பிற்காலத்தில் ஃபிஸ்டுலாவுக்குத் தேவைப்படும் கை நரம்பில் ஊசி குத்தவும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. வயிற்றுப் பொருமலும் மலச்சிக்கலும்தான் பலரை மாத்திரையை நிறுத்த வைக்கின்றன. பாஸ்பரஸைக் குறைக்கத் தரும் கால்சியம் மாத்திரையோடும், டீயோடும் சேர்த்து விழுங்கினால் உறிஞ்சுவது இன்னும் குறையும். பலர் எல்லா மாத்திரைகளையும் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். மாத்திரை பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

டயாலிசிஸ் செய்பவரின் நிலை வேறு. இயந்திரக் குழாய்களில் தங்குவதும் பரிசோதனைக்கு எடுப்பதுமாக ஆண்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று கிராம் இரும்பு வரை இழப்பாகிறது. ஹெப்சிடின் குடலை அடைத்திருக்கும்போது மாத்திரையால் இதை ஈடுகட்ட முடிவதில்லை. அதனால் டயாலிசிஸ் ஓடும்போதே ரத்தக் குழாய் வழியாக அயர்ன் சுக்ரோஸ் ஏற்றுகிறார்கள். வழக்கமாக ஒரு முறைக்கு 100 மில்லிகிராம், பத்து முறையில் ஒரு கிராம்.

பிரிட்டனில் 2,141 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்து 2019-இல் வெளியான பிவோட்டல் ஆய்வு, ஒரு பிரிவினருக்கு மாதம் 400 மில்லிகிராம் இரும்பை முன்கூட்டியே ஊசியாகக் கொடுத்தது. ஃபெரிட்டின் 700-ஐத் தாண்டினாலோ விகிதம் 40-ஐ எட்டினாலோ நிறுத்திவைத்தார்கள். குறைவு வந்த பிறகே இரும்பு பெற்றவர்களைவிட இவர்களுக்கு எரித்ரோபொய்ட்டின் குறைவாகத் தேவைப்பட்டது, மாரடைப்பும் குறைந்தது. தொற்றும் கூடவில்லை. ஆனாலும் உடம்பில் தீவிரத் தொற்று இருக்கும்போது இந்த ஊசியைத் தள்ளிப்போடுவதே முறை, ஏனெனில் கிருமிகளுக்கும் இரும்பு தேவை. ஊசி ஏறும்போது மூச்சுத்திணறலோ, நெஞ்சு இறுக்கமோ, உடம்பெல்லாம் அரிப்போ வந்தால் உடனே செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஊசி போட்ட மறுநாளே பரிசோதிக்கக் கூடாது. ஃபெரிட்டின் சில நாட்களுக்குப் பொய்யாக உயர்ந்து நிற்கும், குறைந்தது ஒரு வாரமாவது போகட்டும். ஒரு கிராம் ஏற்றிய பின் இந்தப் பெண்ணின் விகிதம் 30-ஐ நெருங்கியும் ஹீமோகுளோபின் அசையவில்லை என்றால், மேலும் இரும்பு ஏற்றுவதில் பயனில்லை. வயிற்றில் ரத்தக் கசிவு, மறைந்திருக்கும் தொற்று, பி12 குறைவு, பாராதைராய்டு கோளாறு என்று மருத்துவர் வேறு காரணங்களைத் தேடத் தொடங்க வேண்டும்.