பேத்தியின் கல்யாணமும் பாட்டியின் பல்செட்டும்

கல்யாணத்திற்குப் பதினைந்து நாள்கள் இருக்கையில் பாட்டிக்கு முதன்முதலாகப் பல்செட் பொருத்தப்பட்டது. மேல்செட் அண்ணத்தோடு ஒட்டி நின்றது. கீழ்செட்டோ நாக்கு அசையும்போதெல்லாம் எழும்பியது. மூன்றாம் நாள் கீழ் ஈறு புண்ணாயிற்று. பாட்டி அதைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் இட்டுவிட்டு, "பொக்கை வாயோடே ஆசீர்வாதம் செய்கிறேன்" என்றார். பேரன் உப்புத்தாளோடு வந்தான். நல்லவேளையாக அவன் தாய் தடுத்துவிட்டார். எந்த இடம் அழுத்துகிறது என்று அறியாமல் தேய்த்தால் செட்டின் பிடிமானம் போய்விடும்.

"நாளை வருமுன் சில மணி நேரமாவது போட்டிருங்கள் பாட்டி, அப்போதுதான் சிவந்த இடம் தெரியும்" என்றார் பல் மருத்துவர் தொலைபேசியில்.

மறுநாள் செட்டின் உட்புறத்தில் வெண்பசையைத் தடவி, வாயில் வைத்து அழுத்தி எடுத்தார். ஓரிடத்தில் மட்டும் பசை விலகியிருந்தது. அவ்விடத்தைச் சிறிதளவே தேய்த்துக் குறைத்தார்.

"புண் ஆறும்வரை இட்லி, குழைந்த சோறு. இருபுறமும் சேர்த்து மெல்லுங்கள். ஒருபுறம் மட்டும் மென்றால் மறுபுறம் எழும்பும். இரவில் கழற்றித் தண்ணீரில் இடுங்கள்."

கல்யாணப் பந்தியில் பாட்டி சோற்றையும் அவியலையும் நிதானமாக மென்றார். அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கி ஊறவைத்தார். முறுக்கை மட்டும் பேரனின் இலைக்குத் தள்ளினார்.