வியாழக்கிழமை மாலை நாலு மணி

பெர்லினில் வேலை பார்க்கும் என் தம்பி, 2025 ஏப்ரல் 17, வியாழக்கிழமை மாலை 4.10-க்கு மியூனிக்கில் உள்ள நண்பருக்கு 600 யூரோ அனுப்பினான். செயலியும் ‘ஏற்கப்பட்டது’ என்று காட்டியது. பணம் நண்பர் கணக்கில் ஏறியதோ 23-ம் தேதி, புதன்கிழமை. நம் ஊரில் 2019 டிசம்பரிலிருந்தே நெஃப்ட் விடுமுறை நாளிலும் இரவு பகலாக ஓடுகிறது. அந்தப் பழக்கத்தில் இருந்தவனுக்கு இது புரியவே இல்லை.

விஷயம் அந்தப் பத்து நிமிடத்தில் இருந்தது. அவன் வங்கியில் சாதாரணப் பரிமாற்றத்துக்கான கடைசி நேரம் மாலை நாலு மணி. அதுவரை வந்த உத்தரவுகளைத்தான் வங்கி அன்றைய கணக்கில் சேர்த்து, வங்கிகளுக்கிடையேயான தீர்வகத்துக்கு அனுப்புகிறது. வேலைநாள் முடியும் தறுவாயில் இப்படி ஒரு நேரத்தை வைத்துக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் வங்கிக்கு இடம் தருகிறது. அதைத் தாண்டி வரும் உத்தரவு, அடுத்த வேலைநாளில் வந்ததாகவே கருதப்படும். அந்த நாளுக்கு மறுநாள் முடிவதற்குள் பணம் போய்ச் சேர வேண்டும் என்பது அதே சட்டத்தின் கெடு. அந்த மறுநாளும் வேலைநாளாக இருக்க வேண்டும்.

இப்போது நாட்களை எண்ணிப் பாருங்கள். 18-ம் தேதி புனித வெள்ளி. அடுத்து சனி, ஞாயிறு. 21-ம் தேதி ஈஸ்டர் திங்கள். யூரோ வங்கிகள் தங்களுக்குள் பணத்தைத் தீர்த்துக்கொள்ளும் ‘டார்கெட்’ அமைப்பு இந்த நான்கு நாளும் மூடியிருக்கும். ஆக, 4.10-க்குக் கொடுத்த உத்தரவு செவ்வாய்க்கிழமை 22-ம் தேதிதான் ‘வந்தது’. கெடு புதன்கிழமை. 3.50-க்கே அனுப்பியிருந்தால் வியாழக்கிழமையே வந்ததாகி, கெடு செவ்வாயோடு முடிந்திருக்கும். கெடு என்பது கடைசி எல்லைதான். பணம் அதற்கு முன்பே போய்ச் சேருவதும் உண்டு.

இந்தக் கடைசி நேரம் வங்கிக்கு வங்கி மாறும். ஒரே வங்கியிலும் செயலிக்கு ஒன்று, தாளில் எழுதிக் கொடுக்கும் படிவத்துக்கு வேறொன்று என்று இருக்கலாம். தாளில் கொடுத்தால் கெடுவில் இன்னொரு வேலைநாளும் கூடும். வங்கியின் கட்டண, நிபந்தனைப் பட்டியலில் இந்த நேரங்கள் இருக்கும். ‘ஏற்கப்பட்டது’ என்ற சொல், உத்தரவு கைக்கு வந்ததை மட்டுமே சொல்கிறது. எந்த நாள் கணக்கில் அது சேர்கிறது என்பதை, உத்தரவில் காட்டும் நிறைவேற்றத் தேதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அவசரத்துக்கு இப்போது வழி இருக்கிறது. 2025 அக்டோபர் 9 முதல், யூரோ நாடுகளின் வங்கிகள் உடனடிப் பரிமாற்றத்தைச் சாதாரணப் பரிமாற்றத்தைவிடக் கூடுதல் கட்டணம் இல்லாமல் தர வேண்டும். பத்து விநாடியில் பணம் சேரும். ஈஸ்டர் நள்ளிரவிலும் சேரும். ஆனால் அனுப்பும்போது அந்த வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். சாதாரண வகையில் போனால், இன்றும் அதே நாலு மணிக் கணக்குதான்.